விலகல் கடிதத்தில் எழுத வேண்டியதும் எழுதக் கூடாததும்

குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயற்குழுவில் சம்பளமில்லாமல் உழைக்கும் ஒருவர் பதவிக்காலம் முடியும் முன்பே விலகினால், அவர் கொடுக்கும் கடிதத்தை மூன்று தரப்பினர் படிக்கிறார்கள். முதலில் படிப்பவர்கள் சக உறுப்பினர்கள். நாளைக் காலையிலும் அவர்களை லிஃப்டில் பார்த்தாக வேண்டும். அடுத்து வங்கியும் மாவட்டப் பதிவாளர் அலுவலகமும். அவர்களுக்கு யார், எந்தப் பதவியிலிருந்து, எந்தத் தேதியில் விலகினார் என்பது மட்டும் போதும். மூன்றாவது ஆள் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வருவார். ஏதோ ஒரு கணக்குச் சிக்கலுக்காகப் பழைய கோப்பைப் புரட்டும் தணிக்கையாளராகவோ புதிய செயலாளராகவோ அவர் இருக்கலாம். முதல் தரப்பை மட்டும் மனத்தில் வைத்து எழுதினால் கடிதம் சண்டையாகவோ, அளவுக்கு மீறிய பாராட்டாகவோ ஆகிவிடும். இரண்டுமே பின்னால் தொல்லை தரும்.

எல்லாப் பதவிகளிலும் விலகுவதற்குச் சிரமமானது பொருளாளர் பதவிதான். செக்கில் அவர் கையெழுத்து இருக்கிறது, வங்கியில் அவர் கைபேசி எண் இருக்கிறது, யார் மெயின்டனன்ஸ் கட்டவில்லை என்பதும் அவருக்குத்தான் தெரியும். அதனால் அந்தப் பதவியை வைத்தே இதைப் பார்க்கலாம்.

பேனாவை எடுக்கும் முன் சங்கத்தின் துணை விதிகளைப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல குடியிருப்போர் சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அந்தச் சட்டப்படி செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். ஒருவரின் பதவிக்காலம் ஒரு முறைக்கு மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது, மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம். குழுவில் ஆள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அடுக்ககச் சங்கங்கள் சில, அடுக்கக உரிமைச் சட்டத்தின் கீழ் அமைந்தவை. அந்த வகையில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. எந்தச் சட்டமானாலும் விலகுபவர் துணை விதிகளில் தேட வேண்டியவை இவைதான்: கடிதத்தைத் தலைவருக்குக் கொடுக்க வேண்டுமா செயலாளருக்கா, குழு அதை ஏற்றுத் தீர்மானம் போட்டால்தான் விலகல் செல்லுமா, முன்கூட்டி எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும். ஏற்பு தேவை என்று விதி சொன்னால், கடிதம் கொடுத்த அன்றே பொறுப்பு தீர்ந்துவிட்டதாக நினைத்து வவுச்சரில் கையெழுத்துப் போட மறுப்பது சரியாகாது. வெறும் மூன்று பேர் உள்ள குழுவில் ஒருவர் விலகினால் குழுவே சட்டம் கேட்கும் எண்ணிக்கைக்குக் கீழே போய்விடும். அங்கே மாற்று ஆளை அமர்த்திவிட்டு விலகுவதே முறை.

அடுத்தது தேதி. ‘உடனடியாக விலகுகிறேன்’ என்று எழுதுவது எளிது. ஆனால் மறுநாள் காவலாளிகளுக்குச் சம்பளம் போட வேண்டியிருக்கும், தண்ணீர் லாரிக்காரர் நிற்பார், செக்கில் இரண்டாவது கையெழுத்து இருக்காது. ஆகவே ஒரு மாதம் தள்ளி, கணக்கு முடிக்க வசதியாக மாதக் கடைசி நாளைக் குறிப்பது நல்லது. பின்தேதியிட்ட விலகலுக்கு இன்னொரு தன்மையும் உண்டு. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா, 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக அந்த ஆண்டு மே மாதமே குடியரசுத் தலைவருக்கு எழுதினார். ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வருங்காலத் தேதியிட்ட விலகலை, அந்தத் தேதி வரும் முன் திரும்பப் பெறலாம் என்று 1978இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அரசியலமைப்புப் பதவி சார்ந்த வழக்கு. ஆனாலும் அடிப்படை எளிது: குறித்த நாள் வரும்வரை பதவியும் இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது, மனம் மாறவும் இடம் இருக்கிறது. துணை விதிகள் வேறு விதமாகச் சொன்னால் அதுவே செல்லும்.

இனி ஒரு நிலையைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் 48 வீடுகள் கொண்ட அடுக்ககம், ஏழு பேர் கொண்ட செயற்குழு. பொருளாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவருடைய தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, வீட்டில் எந்நேரமும் ஆள் தேவைப்படுகிறது. அது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. மொட்டை மாடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் 4,80,000 ரூபாய் வேலையைத் தலைவர் ஒரே ஒரு விலைப்புள்ளியை வைத்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். பொருளாளர் கேட்டதற்கு, ‘மழைக்காலம் வருது, அதுக்கெல்லாம் நேரமில்லை’ என்று பதில் வந்தது. இந்த இரண்டில் எது இல்லாவிட்டாலும் அவர் ஒருவேளை தொடர்ந்திருப்பார்.

கோபத்தோடு எழுதிய முதல் வரைவு இப்படி இருக்கிறது:

“சங்கத்தில் வெளிப்படைத்தன்மை இல்லாத சூழலில், என் பேச்சுக்கு மதிப்பில்லாத நிலையில், மன வேதனையோடு பதவியிலிருந்து விலகுகிறேன். இனி நடப்பவற்றுக்கு நான் பொறுப்பல்ல.”

இதை வங்கியில் கொடுக்க முடியாது. கிளை மேலாளர் இதைப் படித்தால் சங்கத்துக்குள் தகராறு என்று எண்ணி, அது தீரும்வரை கணக்கில் பணம் எடுப்பதையே நிறுத்திவைக்கக்கூடும். அப்போது பாதிக்கப்படுவது தலைவர் அல்ல, மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கும் துப்புரவுப் பணியாளர். இன்னொரு குறை, கடிதம் குற்றம் சாட்டுகிறதே தவிர எந்த வேலை, எவ்வளவு தொகை, எந்த நாள் என்று எதையும் சொல்லவில்லை. மூன்று ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு இதனால் ஒரு பயனும் கிடையாது. ‘இனி நான் பொறுப்பல்ல’ என்பதும் வீண் வரி. பதவியில் இருந்த நாள்களின் கணக்குக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அதற்குப் பிந்தைய கணக்குக்குத் தேவையில்லை. இரண்டுமே அந்த வரி இல்லாமலே உண்மை.

வீட்டில் இருப்பவர்கள் ‘எதுக்கு வம்பு?’ என்று சொன்ன பிறகு எழுதும் இரண்டாவது வரைவு மறுபக்கம் சாய்கிறது:

“தலைவர் அவர்களின் சீரிய தலைமையில் சங்கம் சிறப்பாகச் செயல்படுகிறது. கணக்குகள் அனைத்தும் முற்றிலும் சரியாக உள்ளன. என் சொந்தக் காரணம் தவிர வேறு எந்தக் காரணமும் இல்லை.”

பார்க்க நாகரிகமாக இருக்கும் இந்தக் கடிதம் முதல் வரைவைவிட ஆபத்தானது. மாடி வேலையில் நாளை கேள்வி எழுந்தால், ‘பொருளாளரே கணக்கு சரியென்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தானே போனார்’ என்று இந்தத் தாளையே நீட்டுவார்கள். இங்கிதம் என்பது ஒன்றைச் சொல்லாமல் விடுவது. இல்லாததை இருக்கிறதென்று எழுதிக் கொடுப்பது இங்கிதத்தில் சேராது. தாயாரின் உடல்நிலை உண்மையான காரணம், அதை எழுதலாம். ‘வேறு எந்தக் காரணமும் இல்லை’ என்பது உண்மையல்ல, அதை எழுதக் கூடாது. விலகல் கடிதங்களில் மிகச் சாதாரணமாக எழுதப்படும் அந்த ஒரு வரிதான் பின்னால் அதிகம் வருந்த வைப்பது.

அப்படியானால் மாடி வேலை பற்றிய மறுப்பு எங்கே போவது? அதற்கு உரிய இடம் மினிட்ஸ் புத்தகம். விலகல் கடிதம் கொடுக்கும் முன், பொருளாளராக இருக்கும்போதே, செயற்குழுக் கூட்டத்தில் அதை எழுப்பிப் பதிவு செய்ய வேண்டும். பதிவில் பெயர்ச்சொற்களும் எண்களும் இருக்கட்டும், குணம் பற்றிய பேச்சு வேண்டாம். ‘மாடி நீர்க்கசிவுத் தடுப்புப் பணிக்கு ரூ.4,80,000க்கு ஒரே விலைப்புள்ளி பெறப்பட்டது. மூன்று விலைப்புள்ளி பெற வேண்டும் என்ற நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பதால் இந்தத் தீர்மானத்துக்குப் பொருளாளர் உடன்படவில்லை’ என்ற இரண்டு வாக்கியம் போதும். செயலாளர் எழுதத் தயங்கினால், அதையே மின்னஞ்சலாகக் குழுவினர் அனைவருக்கும் அனுப்பி, மினிட்ஸோடு இணைக்கக் கேட்கலாம். இந்த ஏற்பாட்டால் மறுப்பு சரியான கோப்பில், சரியான தேதியில் இருக்கிறது. விலகல் கடிதத்துக்கு அந்தச் சுமை இல்லை. இரண்டுக்கும் நடுவில் சில வாரங்களாவது இடைவெளி இருந்தால், பழிவாங்கலாகவும் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பணம் காணாமல் போயிருந்தாலோ, பொய் ரசீது கணக்கில் ஏறியிருந்தாலோ, அதை மினிட்ஸில் ஒரு வரியாக விட்டுவிட்டு விலகுவது போதாது. பொதுக்குழுவுக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது. தணிக்கையைக் கோரிவிட்டு, அது தொடங்கும்வரையாவது பொருளாளர் பதவியில் இருப்பது அவருக்கே பாதுகாப்பு. அந்த நேரத்தில் சொந்தக் காரணம் சொல்லி ஒதுங்கினால், பார்ப்பவர்கள் அவரையே சந்தேகிப்பார்கள்.

எழுதும் முன் பேச வேண்டும். தலைவருக்குச் செய்தி கடிதம் மூலமோ வாட்ஸ்அப் மூலமோ முதலில் தெரியக் கூடாது. நேரில் போய்ச் சொன்னால் வழக்கமாக வரும் பதில் இதுதான்:

“என்ன டீச்சர், திடீர்னு இப்படிச் சொல்றீங்க? பொதுக்குழு வரைக்கும் இருந்துட்டுப் போங்களேன்.”

இதற்குக் காரணத்தை நீட்டி விளக்கத் தொடங்கினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மாற்று ஏற்பாடு சொல்லப்படும். தாயாருக்கு நர்ஸ் வைக்கலாம் என்பார்கள், கணக்கெழுத ஆள் போடலாம் என்பார்கள். தேதியைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

“செப்டம்பர் 30 வரைக்கும் இருக்கேன் சார். அம்மாவை விட்டுட்டு அதுக்கு மேல முடியாது. யாரையாவது சீக்கிரம் சொன்னீங்கன்னா, பக்கத்துல உட்கார வெச்சு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடறேன்.”

இதில் மறுப்பும் இருக்கிறது, உதவியும் இருக்கிறது. ‘பார்க்கலாம்’, ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று மரியாதைக்குச் சொல்வது மரியாதையாக முடிவதில்லை. ஆள் தேடும் வேலை அதனால் தள்ளிப்போகிறது, செப்டம்பர் கடைசியில் மீண்டும் அதே பேச்சு தொடங்குகிறது. இரவு பத்து மணி விவாதத்தில், ‘இப்படின்னா நான் விலகிக்கிறேன்’ என்று குழுவில் தட்டிவிடுவது அதைவிட மோசம். அது விலகலா கோபமா என்று யாருக்கும் தெரியாது. துணை விதிகள் எழுத்து மூலம் கேட்டால் அது செல்லாது. ஆனால் படம் பிடித்து வைத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள்.

பேசி முடித்த பின் கொடுக்கும் கடிதம் இப்படி அமையலாம்:

“மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

பொருள்: பொருளாளர் பொறுப்பிலிருந்தும் செயற்குழுவிலிருந்தும் விலகுதல்.

வணக்கம். என் தாயாரின் உடல்நிலை காரணமாக, அவருடன் முழு நேரமும் இருக்க வேண்டியுள்ளது. ஆகவே வரும் செப்டம்பர் 30ஆம் தேதி அலுவல் முடிவிலிருந்து பொருளாளர் பொறுப்பிலிருந்தும் செயற்குழு உறுப்பினர் பதவியிலிருந்தும் விலகுகிறேன். அதுவரை வழக்கமான பணிகளைச் செய்வேன்.

அன்றைய இருப்பு விவரமும் ஆவணங்களின் பட்டியலும் ஒப்படைப்புத் தாளில் தரப்படும். வங்கிக் கணக்கில் கையெழுத்து மாற்றத்துக்கான தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றக் கேட்டுக்கொள்கிறேன். அக்டோபர் மாதத்தில் புதிய பொருளாளருக்கு ஐயம் ஏதும் இருந்தால் தொலைபேசியில் விளக்கம் தருவேன்.

இந்த இரண்டு ஆண்டுகளில் மாதக் கணக்கை முடிப்பதில் உதவிய இணைச் செயலாளருக்கும் மேலாளருக்கும் என் நன்றி. சங்க உறுப்பினராகத் தொடர்கிறேன்.”

பொருள் வரியில் இரண்டு பதவியும் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கிறது. பொருளாளர் பொறுப்பை மட்டும் விட்டுவிட்டுக் குழுவில் சாதாரண உறுப்பினராக இருப்பதாக யாரும் பின்னால் சொல்ல முடியாது. நன்றி நடந்த ஒரு செயலுக்கு, செய்தவர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. தலைவரைப் பாராட்டவில்லை, குறையும் சொல்லவில்லை. உதவி அக்டோபரோடு நிற்கிறது. ‘எப்போது வேண்டுமானாலும் உதவுவேன்’ என்று எழுதினால் அடுத்த ஆண்டும் ரசீதுப் புத்தகம் அவர் வீட்டு வாசலுக்கு வரும். ‘கணக்கு சரி’ என்ற வாக்கியத்துக்குப் பதில் ‘அன்றைய இருப்பு விவரம்’ என்று இருப்பது இன்னொரு கவனம். இருப்பு எவ்வளவு என்று சொல்ல பொருளாளரால் முடியும். சரியா தவறா என்று சொல்வது தணிக்கையாளர் வேலை.

கடிதத்தைவிட உழைப்பு கேட்பது ஒப்படைப்புத் தாள். ஒரு பக்கத்தில் முடியும் அது. நாம் எடுத்துக்கொண்ட அடுக்ககத்தில் மாத மெயின்டனன்ஸ் வீட்டுக்கு 3,500 ரூபாய். செப்டம்பர் 30 அன்று வங்கி இருப்பு 3,12,400, கையிருப்பு ரொக்கம் 6,850, வைப்பு நிதி 12,00,000. ஐந்து வீடுகள் மூன்று மாத பாக்கி, ஆக 52,500. இந்தத் தொகைகளுக்குப் பக்கத்தில் வங்கி அறிக்கையின் தேதியும் வைப்பு நிதி ரசீதின் எண்ணும் இருக்க வேண்டும். ரொக்கத்தைப் புதிய பொருளாளர் முன்னால் எண்ணி, எண்ணிய இடத்திலேயே இருவரும் கையெழுத்திட வேண்டும். கொடுத்து வங்கியில் இன்னும் பணமாகாத செக்குகள் இருந்தால் அவற்றின் எண்ணையும் தொகையையும் எழுத வேண்டும். இல்லையென்றால் அக்டோபர் முதல் வாரத்தில் இருப்பு குறையும்போது பழைய பொருளாளருக்கு அழைப்பு வரும்.

செக் புத்தகத்தைத் தாள் தாளாகப் பார்ப்பது அவசியம். பல சங்கங்களில் பொருளாளர் ஊருக்குப் போகும்போது தொகை எழுதாத செக்குகளில் கையெழுத்திட்டு மேலாளரிடம் வைத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட தாள்கள் இருந்தால் வாங்கி, குறுக்கே கோடிட்டு, ‘ரத்து’ என்று எழுதிக் கோப்பில் சேர்க்க வேண்டும். இணையவழி வங்கியிலும், வருமான வரித் தளத்திலும், மின்கட்டணக் கணக்கிலும் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்பதையும் பார்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் விலகியவரின் கைபேசிக்கே ஒருமுறைக் கடவு எண் வந்துகொண்டிருக்கும். அவரும் கேட்டவுடன் சொல்லிக்கொண்டிருப்பார். பதவியில் இல்லாத ஒருவர் சங்கப் பணத்தை நகர்த்த உதவுகிறார் என்பதே அதன் பொருள், நல்லெண்ணம் அதை மாற்றாது. ஒப்பந்ததாரரிடம் பிடித்த வரி இருந்தால் செப்டம்பர் மாதத்துக்கானதை அக்டோபர் 7க்குள் கட்ட வேண்டும், காலாண்டு அறிக்கையை அக்டோபர் 31க்குள் கொடுக்க வேண்டும். இரண்டு தேதியும் புதியவர் பொறுப்பேற்றவுடனே வந்து நிற்பவை என்பதால் தாளின் கடைசியில் தனியாக எழுதுவது நல்லது.

கோயில் அறக்கட்டளையில் விலகல் இதே போல நடக்காது. சங்கத்தில் இருப்பவர் குழு உறுப்பினர். அறக்கட்டளையில் இருப்பவர் அறங்காவலர், சொத்தைப் பிறருக்காகக் காக்கும் பொறுப்பை ஏற்றவர். 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் தன் விருப்பத்துக்கு அதை உதற முடியாது என்கிறது. நீதிமன்றத்தின் அனுமதியோ, தகுதியுள்ள பயனாளிகள் அனைவரின் சம்மதமோ, அறக்கட்டளைப் பத்திரத்தில் அதற்கு இடமோ இருக்க வேண்டும். அந்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது, சமய அறக்கொடைகளுக்கு நேரடியாகப் பொருந்தாது. என்றாலும் தெருவோரப் பிள்ளையார் கோயில் அறக்கட்டளையில் இருப்பவரும் முதலில் பத்திரத்தை எடுத்து விலகல் பற்றிய பிரிவைப் படிக்க வேண்டும். இந்து சமய அறநிலையத் துறை நியமித்த அறங்காவலர், சக அறங்காவலர்களிடம் அல்ல, தன்னை நியமித்த அதிகாரியிடம் கடிதம் தர வேண்டும். ஒப்படைப்பிலும் கோயிலுக்கு வேறு கவனம் தேவை. நகைகளைப் பதிவேட்டில் உள்ள எடையோடு சரிபார்த்து சாட்சிகள் முன் ஒப்படைக்க வேண்டும். உண்டியல் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். காரணத்தில் ‘சாமி காரியத்தில் அரசியல்’ என்பது போன்ற ஒரு சொல் வந்தாலும் ஊர் இரண்டாகப் பிரியும். அதனால் அங்கே காரணம் ஒரு வரியைத் தாண்ட வேண்டாம்.

அறிவிப்பு கடைசியில்தான். தலைவரிடம் பேசி, கடிதம் கொடுத்து, நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்கி, குழு தீர்மானித்த பிறகே பலகையிலும் வாட்ஸ்அப்பிலும் செய்தி வர வேண்டும். அதைச் செயலாளர் போடுவதுதான் அழகு. கீழே ‘ஏன்?’ என்று கேள்விகள் குவியும்போது, விலகியவர் கடிதத்தில் உள்ள அதே காரணத்தை அதே சொற்களில் ஒரு முறை சொன்னால் போதும். மாடி வேலை பற்றி யாராவது நேரில் கேட்டால், “அது மினிட்ஸ்ல இருக்கு, பாருங்க” என்பது முழுப் பதில். அதற்கு மேல் படிக்கட்டில் நின்று பேசுவதெல்லாம் கடிதத்தைக் கெடுத்துவிடும்.

விலகல் காகிதத்தில் முடிய இன்னும் இரண்டு நகல்கள் வேண்டும். ஒன்று, கையெழுத்து மாற்றத்தை ஏற்றதாக வங்கி தரும் கடிதம். மற்றது, குழு மாற்றத்தைத் தெரிவித்து மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் படிவம் 7. இவற்றைச் செய்ய வேண்டியது சங்கம், பல சங்கங்கள் அடுத்த பொதுக்குழு வரை தள்ளிப்போடுவதும் உண்டு. விலகியவர் செயலாளரிடம் கேட்டு இரண்டின் நகலையும் வாங்கி, தன் கடிதத்தின் நகலோடு வைத்துக்கொள்ள வேண்டும். அவை தாக்கலாகும்வரை பதிவேட்டில் பொருளாளர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கும்.